கடைசி எண்ணை விடையாக வைத்துக்கொண்டால் ஒருங்கல் வரிசை ஏன் பொய் சொல்கிறது?

ஒரு சமன்பாட்டை நியூட்டன்-ராப்சன் முறையில் தீர்க்கிறீர்கள். சுற்றுக்குச் சுற்று விடை நெருங்கி வருகிறது. எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஒருங்கல் வரிசை. n-ஆவது சுற்றில் உள்ள பிழையை eₙ என்று வைத்தால், அதைக் கணிக்கும் சூத்திரம் இது:

p ≈ ln(|eₙ₊₁| / |eₙ|) / ln(|eₙ| / |eₙ₋₁|)

சிக்கல் என்னவென்றால், பிழையைக் கணக்கிடச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் இந்த வேலையே தேவையில்லை. அதனால் பலர் ஒரு குறுக்குவழியைப் பிடிக்கிறார்கள்: கடைசியாகக் கிடைத்த எண்ணையே சரியான விடை என்று வைத்துக்கொண்டு, முந்தைய எண்களை அதிலிருந்து கழித்துவிடுகிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பெரிய தவறு இதுதான்.

x² − 2x + 1 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். விடை 1 என்பது நமக்குத் தெரியும், ஆனாலும் தெரியாதது போலவே நடப்போம். x = 2-இல் தொடங்கினால் நியூட்டன் முறை தரும் எண்கள்: 2, 1.5, 1.25, 1.125, 1.0625, 1.03125. இங்கே 1 ஓர் இரட்டை மூலம். அதனால் நியூட்டன் முறை தன் வழக்கமான வரிசை 2-ஐ இழந்து, ஒவ்வொரு சுற்றிலும் பிழையைப் பாதியாக மட்டுமே குறைக்கிறது. உண்மையான வரிசை 1.

இப்போது 1.03125-ஐ விடையாக வைத்துக் கழித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய மூன்று எண்களின் 'பிழை' 0.21875, 0.09375, 0.03125. அதாவது 7 : 3 : 1. சூத்திரத்தில் போட்டால் ln(1/3) / ln(3/7) = 1.30. 1-உம் இல்லை, 2-உம் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று!

சரி, இன்னும் சில சுற்றுகள் ஓட்டினால் சரியாகிவிடுமா? ஆகாது. நூறாவது சுற்றை விடையாக வைத்தாலும் கடைசி மூன்று பிழைகள் அதே 7 : 3 : 1 விகிதத்தில்தான் நிற்கும், அதே 1.30-தான் வரும். சுற்றுக்குச் சுற்று மாறாமல் நிற்கும் எண்ணைப் பார்த்தால் நம்பத் தோன்றும். இங்கே அந்த நிலைத்தன்மையே வலை.

பிழை பாதியாகாமல் 0.9 மடங்காக மட்டும் குறையும் மெதுவான முறை என்றால் நிலைமை இன்னும் மோசம். அதே குறுக்குவழி அங்கே 1.623 தரும். வெட்டுக்கோட்டு முறையின் வரிசை 1.618 என்பது நினைவுக்கு வருகிறதா? ஆமை வேகத்தில் நகரும் ஒரு முறைக்கு வெட்டுக்கோட்டு முறையின் சான்றிதழ் கிடைத்துவிடும். வேகம் குறையக் குறைய இந்தப் பொய் எண் 1.71 வரை ஏறும்.

வேகமாக ஒருங்கும் முறைகளில் இந்தக் குறுக்குவழி அவ்வளவாகக் கெடுக்காது. அங்கே கடைசி எண்ணின் பிழை அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆக, முறை நன்றாக இருக்கும்போது சரியான எண்ணையும், மோசமாக இருக்கும்போது நல்ல பெயரையும் தருகிறது. நமக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர்.

மாற்று வழி எளிது. விடையைத் தேடாமல், அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்: dₙ = xₙ₊₁ − xₙ. சூத்திரத்தில் eₙ இருக்கும் இடத்தில் dₙ-ஐப் போடுங்கள். பிழை ஒரே மடங்கில் (k மடங்கு) குறைந்தால் dₙ என்பது eₙ-இன் (k − 1) மடங்கு. அந்த மாறிலி விகிதத்தில் அடிபட்டுப் போகும். முறை வேகமானது என்றால் eₙ₊₁ மிகச் சிறியது, எனவே dₙ-இன் அளவு கிட்டத்தட்ட eₙ-தான். இரண்டு பக்கமும் கணக்கு சரியாகிறது. மேலே உள்ள இரட்டை மூலத்துக்கு இது துல்லியமாக 1 தருகிறது. ஒரு p கிடைக்க நான்கு எண்கள் வேண்டும், குறுக்குவழிக்கும் அதே நான்குதான்.

```python
from math import log

def order(x):
    d = [abs(b - a) for a, b in zip(x, x[1:])]
    return [log(d[i+2]/d[i+1]) / log(d[i+1]/d[i])
            for i in range(len(d) - 2)]
```

x² − 2 = 0-ஐ x = 1-இலிருந்து தொடங்கி நியூட்டன் முறையில் ஐந்து சுற்று ஓட்டினால், வித்தியாசங்களின் அளவு 0.5, 0.0833, 0.00245, 2.12×10⁻⁶, 1.59×10⁻¹². இதிலிருந்து வரும் p: 1.968, 1.9995, 2.0000. அழகாக இரண்டில் போய் நிற்கிறது.

அடுத்த தவறு இங்கேதான் காத்திருக்கிறது. 'இன்னொரு சுற்று ஓட்டிப் பார்ப்போமே' என்று ஆசைப்படுவது. உண்மையில் அடுத்த வித்தியாசம் 10⁻²⁴ அளவில் இருக்க வேண்டும். ஆனால் வழக்கமான 64 பிட் எண்ணில் 1.414-ஐ ஒட்டிய இரண்டு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியே 2.2×10⁻¹⁶. எனவே வித்தியாசம் பூஜ்யமாக வந்தால் log பிழை காட்டும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். வித்தியாசம் 2.2×10⁻¹⁶ என்று வந்தால்தான் ஆபத்து. p = 0.63 என்று ஓர் எண் வந்து உட்கார்ந்துகொள்ளும், நிரலும் எதுவும் சொல்லாது.

அதனால் p-இன் பட்டியலுக்குப் பக்கத்தில் வித்தியாசங்களையும் அச்சிடுங்கள். p சீராக வந்து கடைசியில் திடீரெனச் சரிந்தால், அந்தக் கடைசி எண்ணைத் தூக்கிப் போடுங்கள். இரட்டை மூலத்தில் இந்தத் தரைமட்டம் இன்னும் மேலே இருக்கும். x² − 2x + 1 என்று விரித்து எழுதிக் கணக்கிட்டால், x விடையிலிருந்து 10⁻⁸ தூரத்துக்கு வரும்போதே f(x)-இன் மதிப்பு 10⁻¹⁶ ஆகிவிடுகிறது. அதற்குக் கீழே வருவது வெறும் இரைச்சல். கூடுதல் புள்ளிகள் வேண்டுமென்றால் சுற்றைக் கூட்டிப் பயனில்லை, இலக்கங்களைக் கூட்ட வேண்டும். பைதானில் mpmath-ஐ எடுத்து `mp.dps = 60` என்று வைத்தால் √2-க்கு இன்னும் இரண்டு வித்தியாசங்கள் ஒழுங்காகக் கிடைக்கும். தொடக்க எண்ணை `mp.mpf(1)` என்று கொடுங்கள், மேலே உள்ள நிரலில் log-ஐயும் mpmath-இலிருந்தே எடுங்கள்.

சிலர் ஒரே ஒரு விகிதத்தோடு முடித்துவிடுவதும் உண்டு: ln|dₙ₊₁| / ln|dₙ|. மேலே உள்ள கடைசி இரண்டு வித்தியாசங்களுக்கு இது 2.08 தருகிறது, பரவாயில்லை போலத்தான் இருக்கும். அதே x-ஐ மீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். எல்லா வித்தியாசமும் 1000 மடங்காகும், விடை 3.29 ஆகிவிடும். அலகை மாற்றினால் வரிசை மாறுமா என்ன? மூன்று வித்தியாசங்களை வைத்த சூத்திரத்தில் அந்த 1000 தானாக அடிபட்டுப் போகும்.

கடைசியாக ஒன்று. p = 1 என்று வந்ததும் 'நேரியல் ஒருங்கல்' என்று எழுதிவிடாதீர்கள். பிழை 1/n போல மிக மெதுவாகக் குறையும் தொடரும் இதே 1-ஐத்தான் நெருங்கும். அப்போது |dₙ₊₁ / dₙ| என்ற விகிதத்தைத் தனியாகப் பாருங்கள். அது 0.5, 0.7 என்று ஏதாவது ஓர் இடத்தில் நின்றால் நேரியல். 0.98, 0.985, 0.99 என்று ஒன்றை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தால் அது நேரியலை விடவும் மெதுவானது.