யார் பெயரில் எத்தனை டிக்கெட்: எண்ணிப் பார்த்து வேலை பிரிப்பதில் வரும் தவறுகள்

ஆறு பேர் கொண்ட ஒரு சாஃப்ட்வேர் சப்போர்ட் டீமுக்கு லீடாக இருந்தபோது, திங்கட்கிழமை காலையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜிராவில் முடியாமல் கிடக்கும் டிக்கெட்டுகளை ஷீட்டில் இறக்கி, பைவட் டேபிள் போட்டு, யார் பெயரில் எத்தனை இருக்கிறது என்று பார்ப்பேன். நிறைய வைத்திருப்பவரிடமிருந்து கொஞ்சம் எடுத்து, குறைவாக வைத்திருப்பவர் பெயருக்கு மாற்றிவிடுவேன். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் என்னென்ன தப்பு செய்யலாமோ எல்லாம் செய்திருக்கிறேன்.

ஒரு வாரம் வந்த கணக்கு இது: 23, 9, 8, 6, 2. இதைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. 23 வைத்திருப்பவர் மூச்சு முட்டிக் கிடக்கிறார், 2 வைத்திருப்பவர் சும்மா இருக்கிறார். ஏழு டிக்கெட்டை அங்கிருந்து இங்கே நகர்த்தினேன்.

இரண்டு நாளில் இரண்டு பேருமே கோபமாக வந்தார்கள். உட்கார்ந்து அந்த 23-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அதில் 13 டிக்கெட் வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருந்தவை. அவர்கள் லாக் ஃபைல் அனுப்பும்வரை நம் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. இன்னும் ஆறு, உண்மையில் ஒரே வேலை: ஒரு இன்ஸ்டலேஷன் டிக்கெட்டும் அதன் கீழே பிரித்துப் போட்டிருந்த ஐந்து சப்-டாஸ்க்குகளும். மிச்சம் நான்கு. ஆக, கையில் ஓடிக்கொண்டிருந்த வேலை ஐந்துதான். நான் நகர்த்திய ஏழில் பெரும்பாலானவை காத்திருந்தவைதான். புதிதாக வாங்கியவர் பழைய மெயில்களை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளரோ, “இதையெல்லாம் ஏற்கெனவே சொல்லியாச்சே” என்று எரிச்சலோடு பதில் போட்டார்.

எண்ணுவதற்கு முன்பே இவற்றைக் கழித்துவிடலாம். ஜிராவின் தேடல் பெட்டியில் இப்படிக் கேட்டால் போதும்:

```
project = SUP AND statusCategory != Done
AND status != "Waiting for customer"
AND issuetype in standardIssueTypes()
```

கடைசி வரி சப்-டாஸ்க்குகளை விட்டுவிடும். ஆனால் ஒரு டிக்கெட்டின் சப்-டாஸ்க்குகளை வேறு வேறு ஆட்களுக்குக் கொடுக்கும் டீமில் இந்த வரியைப் போடக்கூடாது. அங்கே உண்மையான வேலை சப்-டாஸ்க்கில்தான் இருக்கிறது, தாய் டிக்கெட் வெறும் பெயர்ப்பலகை. எதைக் கழிப்பது என்பது உங்கள் டீம் எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்தது.

சரி, அந்த 2? ஒன்று, மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்த டேட்டா மைக்ரேஷன். ஒரே டிக்கெட்தான், ஆனால் ஆளை முழுசாக விழுங்கும் வேலை. அதுபோக, டீமில் யார் எந்தத் திருத்தம் செய்தாலும் வெளியே போகும் முன் அவர்தான் ரிவ்யூ செய்தாக வேண்டும். ரிவ்யூவுக்கு டிக்கெட் கிடையாது. தினமும் பாதி நாள் போகிற வேலை எந்தக் கணக்கிலும் வரவில்லை. சீனியர்கள் பெயரில் டிக்கெட் குறைவாகத் தெரிவதற்குப் பல டீம்களில் இதுதான் காரணம்.

ஆனால் அந்த வாரம் நான் செய்த பெரிய தப்பு இந்த இரண்டு பேர் விஷயத்தில் இல்லை. நடுவில் 8 என்று அமைதியாக இருந்தவரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் எப்போதும் இரண்டு ஓரத்துக்குத்தான் போகும். அவருடைய எட்டும் ஆரம்பித்த நிலையிலேயே நின்றன. இரண்டு வாரத்தில் அவர் முடித்தது இரண்டே டிக்கெட். 23 வைத்திருந்தவர் அதே இரண்டு வாரத்தில் 20 முடித்திருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க ஷீட்டில் இன்னொரு பத்தி போதும்: கடைசி 14 நாளில் முடித்தவை எத்தனை. கையில் இருப்பதை வாரத்துக்கு முடிப்பதால் வகுத்தால், ஒரு டிக்கெட் அவரிடம் சராசரியாக எத்தனை வாரம் கிடக்கும் என்று தெரியும். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதிதான் இது. முன்னவருக்கு 23-ஐ 10-ஆல் வகுத்தால் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். இவருக்கு 8-ஐ 1-ஆல் வகுத்தால் எட்டு வாரம்! வருவதும் போவதும் ஓரளவு சீராக இருக்கும் இடத்தில்தான் இந்த வகுத்தல் செல்லும். மைக்ரேஷன் செய்கிறவருக்குப் போட்டுப் பார்த்தால் அர்த்தமில்லாத விடைதான் வரும்.

எட்டு வைத்திருந்தவரிடம் பேசியபோது விஷயம் வெளியே வந்தது. மூன்று டிக்கெட் டேட்டாபேஸ் டீமின் பதிலுக்காக நின்றன. சும்மா இருப்பானேன் என்று அடுத்ததை எடுத்திருக்கிறார், அதுவும் எங்கோ மாட்ட, அதற்கடுத்தது. நிற்கிற மூன்றையும் “பிளாக்டு” என்று குறித்து, நானே டேட்டாபேஸ் டீமைத் துரத்தினேன். பெயருக்கு ஆரம்பித்து, இன்னும் ஒன்றுமே செய்யாத இரண்டை மட்டும் வேறொருவருக்கு மாற்றினேன். மீதி மூன்றையும் முடிக்கும்வரை அவருக்குப் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. பாதி செய்த வேலையை ஆள் மாற்றினால், அந்தப் பாதியைப் புதியவர் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அதனால் நகர்த்துவதென்றால் தொடாததைத்தான் நகர்த்த வேண்டும்.

இப்போது மேலே சொன்ன கணக்குக்குத் திரும்பிப் போய் எண்ணிப் பாருங்கள். ஐந்து எண்கள்தான் இருக்கின்றன. டீமில் ஆறு பேர்.

பைவட் டேபிள் பட்டியலில் இருக்கும் பெயர்களைத்தான் எண்ணும். டிக்கெட்டே இல்லாதவருக்கு அதில் வரிசையே வராது. நாம் தேடிக்கொண்டிருந்த சும்மா இருக்கும் ஆள், தேடுகிற இடத்திலேயே இருக்கமாட்டார். ஆள் வாரியாக வட்டப்படம் போட்டாலும் இதே கதைதான். டீம் உறுப்பினர்களின் பெயர்களைத் தனி ஷீட்டில் A பத்தியில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எண்ண வேண்டும்:

```
=COUNTIFS(Tasks!C:C, A2, Tasks!D:D, "<>Done")
```

அப்போதுதான் 0 என்பது கண்ணுக்குத் தெரியும். இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஒரு ஷீட்டில் பெயருக்குப் பின்னால் கூடுதலாக ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் பொருந்தாது, பத்து டிக்கெட் வைத்திருப்பவருக்கும் 0 வரும். எல்லா எண்களையும் கூட்டினால் முடியாத டிக்கெட்டுகளின் மொத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால், பெயர் பொருந்தாமல் இருக்கலாம், அல்லது யாருக்கும் கொடுக்காத டிக்கெட்டுகள் கிடக்கலாம்.

எங்கள் ஆறாவது ஆள், சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண். கொடுத்ததையெல்லாம் முந்தைய புதன்கிழமையே முடித்துவிட்டாள். யாருக்கும் கொடுக்காத நான்கு டிக்கெட் பொது வரிசையில் கிடந்தன, ஆனால் அதிலிருந்து தானே எடுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. “ஏம்மா கேட்கலை?” என்றேன். “எல்லாரும் பிஸியா இருந்தீங்க சார், தொந்தரவு பண்ண வேண்டாம்னு பழைய டிக்கெட்டுகளைப் படிச்சிட்டிருந்தேன்” என்றாள்.

இன்னொன்றும் செய்துபார்த்தேன். ஆள் வாரியான எண்ணிக்கையைப் பெரிய திரையில் எல்லோரும் பார்க்கும்படி போட்டேன். முதல் வாரமே எண்கள் அழகாக இறங்கின. இரண்டாம் வாரம், மூடிய டிக்கெட்டுகளில் கணிசமானவை வாடிக்கையாளர்களால் மீண்டும் திறக்கப்பட்டு வந்து நின்றன. மூன்றாம் வாரம் திரையை அணைத்துவிட்டு, ஷீட்டில் “மீண்டும் திறந்தவை” என்று ஒரு பத்தி சேர்த்தேன்.