ப்ரோபில் வெயிலைச் சேமிக்காதீர்கள்: நிழல் எங்கே மங்குகிறது?

பெங்களூரில் எங்கள் குழு ஒரு விளையாட்டுக்காகக் கோயில் பிராகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்த நினைவில் வரைந்த தூண் வரிசை. 36 மீட்டர் நீளம், தூண் ஒவ்வொன்றும் 40 செ.மீ. அகலம், 1.8 மீட்டருக்கு ஒரு தூண். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுகிறது. தரைக்கு முன்கூட்டியே கணக்கிட்ட ஒளிப்படமான லைட்மேப் இருந்ததால் அங்கே நிழல் கோடு கோடாகத் தெளிவாகக் கிடக்கிறது. அதன்மேல் நடந்துவரும் வெள்ளை வேட்டிப் பெரியவருக்கு ஒளி ப்ரோபுகளிலிருந்து வருகிறது, அவர்மேல்தான் ஒரு கோடுகூட விழவில்லை. பத்துத் தூண்களைத் தாண்டுகிறவர் நடுவில் ஒரே ஒரு முறை மெல்ல மங்கி, மெல்ல வெளுக்கிறார்.

ஒளியமைப்பைப் பார்த்துக்கொண்ட தருமபுரித் தம்பி என்னிடம் வந்து, “அண்ணே, ஸ்ஃபெரிக்கல் ஹார்மோனிக்ஸ் ஆர்டரை ஒரு படி ஏத்திப் பாத்துட்டேன், ஒண்ணும் மாறலை” என்றார். ஒன்றும் மாறாதுதான். இந்த வேலையில் பலரும் முதலில் செய்யும் தவறு இதுவே.

ப்ரோப் என்பது காட்சிக்குள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை எல்லாத் திசையிலிருந்தும் வந்தடையும் ஒளியைச் சில எண்களாகச் சுருக்கி வைக்கிறோம். அப்படிச் சுருக்கும் கணித முறைதான் ஸ்ஃபெரிக்கல் ஹார்மோனிக்ஸ்: பரந்த மாற்றத்திலிருந்து நுணுக்கம் வரை பேண்ட் பேண்டாக அடுக்கும், எந்தப் பேண்ட் வரை வைக்கிறோம் என்பதே ஆர்டர். பேண்ட் 2 வரை வைக்கும் வழக்கமான L2 அளவில் ஒரு நிறத்துக்கு 9 எண், மூன்று நிறத்துக்கும் சேர்த்து 27. இவ்வளவு குறைவாக வைத்தும் தப்பிக்க முடிவதற்குக் காரணம் டிஃப்யூஸ் பரப்பு. சுண்ணாம்புச் சுவரோ வேட்டியோ தனக்கு எதிரே இருக்கும் அரைக்கோளம் முழுவதிலிருந்தும் ஒளியை வாங்கி, கோணத்தின் கோஸைனுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டலிலேயே திசைவாரியான நுணுக்கம் கரைந்துவிடும். கரைவது எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு: பேண்ட் 0-ஐ 1-ஆல் பெருக்க வேண்டும், பேண்ட் 1-ஐ 2/3-ஆல், பேண்ட் 2-ஐ 1/4-ஆல். பேண்ட் 3-க்குப் பெருக்கெண் சரியாகப் பூஜ்யம். பேண்ட் 4-க்கு −1/24. டிஃப்யூஸுக்கு 9 எண் போதும் என்று ரவி ராமமூர்த்தியும் பாட் ஹன்ரஹனும் 2001-இல் காட்டியது இந்த அடிப்படையில்தான்.

ஆகவே L2-விலிருந்து L3-க்குப் போனால் ஒரு நிறத்துக்கு 7 எண் கூடுகிறது, ஏழும் பூஜ்யத்தால் பெருக்கப்படுகின்றன. தம்பி ஏற்றிய படி அங்கேதான் காணாமல் போனது.

அப்படியானால் நிழலைத் தின்றது எது? நிழலின் கூர்மை திசையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஒரு அடி தள்ளி நின்றால் வெயில், இந்தப் பக்கம் நின்றால் நிழல். இட வேறுபாட்டைப் பிடிப்பது ப்ரோபுகளுக்கு இடையேயான தூரம், அதற்கும் ஆர்டருக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் ப்ரோபுகள் 2 மீட்டருக்கு ஒன்றாக இருந்தன. தூண் 1.8 மீட்டருக்கு ஒன்று என்பதால், அடுத்தடுத்த ப்ரோப் தன் தூணைவிட்டு 20 செ.மீ. நகர்ந்து நகர்ந்து விழுகிறது. நிழலின் அகலம் 40 செ.மீ. ஆக, 9 ப்ரோபுக்கு அடுத்தடுத்த 2 ப்ரோப் நிழலுக்குள் மாட்டுகின்றன, மற்ற 7 வெயிலில் நிற்கின்றன. நடுவில் இருக்கும் இடத்தை எஞ்சின் நேர்கோட்டில் நிரப்புவதால் 2 மீட்டரில் மங்கல் ஏறி, 2 மீட்டர் அப்படியே நின்று, 2 மீட்டரில் இறங்குகிறது. பெரியவர் 18 மீட்டருக்கு ஒரு முறை மங்கியது ஏன் என்பது இப்போது புரியும். பார்ப்பவர்கள் இதை ‘மென்மையான நிழல்’ என்பார்கள். தரையில் கிடக்கும் கோடுகளோடு தொடர்பே இல்லாத தாளம் இது.

சரி, ப்ரோபை நெருக்கிவிடலாமே? அடுத்த தவறு அது. பிராகாரம் 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். 2 மீட்டர் இடைவெளியில் சுமார் 54 ப்ரோப். 20 செ.மீ. ஆக்கினால் 54,000. அப்போதும் 40 செ.மீ. நிழல் வந்துபோவதைத்தான் பிடிக்கலாம், அதன் விளிம்பை அல்ல. சூரியன் நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை டிகிரி அகலம், எனவே தூணிலிருந்து 3 மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு 3 செ.மீ.க்குள் முடிந்துவிடும். அதைப் பிடிக்க 1.5 செ.மீ. இடைவெளி வேண்டும்: சுமார் 12.8 கோடி ப்ரோப், எண்ணுக்கு 2 பைட் வைத்தாலும் 7 ஜிபி பக்கம் வரும். ஒரு நடைக்கூடத்துக்கு மட்டும். மேலும், பல எஞ்சின்கள் நகரும் பொருள் ஒன்றுக்கு அதன் நடுப்புள்ளியில் ஒரே ஒரு முறைதான் ப்ரோபைக் கேட்கும். ப்ரோபை எவ்வளவு நெருக்கினாலும் பாதி வேட்டி வெயிலிலும் பாதி நிழலிலும் இருக்கவே முடியாது.

எந்த மங்கல் எதனால் என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு ப்ரோபின் இடத்திலேயே சிறிய வெள்ளைப் பந்தை வையுங்கள். அதே பந்தை, ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் பாத் டிரேசரில் ரெண்டர் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இரண்டும் ஒத்துப்போய், இரு ப்ரோபுக்கு நடுவே நகர்த்தினால் மட்டும் விலகினால், குற்றம் இடைவெளியுடையது. ப்ரோபின் மேலேயே விலகினால் ஒன்பது எண்ணுக்குள் அடங்காத எதையோ அடைத்திருக்கிறீர்கள்.

எங்களுக்கு இரண்டாவதும் நடந்திருந்தது. நேர் வெயிலையே ப்ரோபுக்குள் போட்டிருந்தோம். சூரியன் ஒரே திசையில் குவிந்த ஒளி. அதை L2-வில் அடைத்தால் பரப்புக்கு வந்துசேரும் ஒளி இப்படி இருக்கும்:

```glsl
float c = dot(n, sunDir);
float e = 0.25 + 0.5*c + 0.15625*(3.0*c*c - 1.0);
// உண்மை: max(c, 0.0)
```

`c = 1` போட்டுப் பாருங்கள், 1.0625 வரும், நேராக வெயில் படும் பக்கம் 6 சதவீதம் கூடுதல். இது யாருக்கும் தெரியாது. `c = -1`, அதாவது சூரியனுக்கு முதுகைக் காட்டும் பரப்பு: பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 0.0625. நடு வெயில் 1,00,000 லக்ஸ் என்றால் வெயிலே படாத முதுகில் 6,000 லக்ஸ் ஒட்டிக்கொள்கிறது. சூரியத் திசையிலிருந்து சுமார் 122 டிகிரியில் மதிப்பு −0.04 ஆகிவிடும். அந்தப் பட்டையில் வானத்திலிருந்து வரும் ஒளியையும் இது கழித்துவிடும். சட்டையின் விலாப்பக்கம் அழுக்கு மாதிரி ஒரு கறுப்பு ஓடுகிறதே, அது துணியின் கோளாறு இல்லை. L1-இல் நிலைமை இன்னும் மோசம்: முதுகில் −0.25.

இதை `max(e, 0.0)` போட்டு மூடுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். ப்ரோபில் வானத்து ஒளியும் வெயிலும் கலந்தே இருப்பதால், மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாத வரை அது எதையும் செய்யாது, கறுப்புப் பட்டை அப்படியே இருக்கும். சில எஞ்சின்களில் மேல் பேண்டுகளைத் தணிக்கும் வடிகட்டி உண்டு. கறுப்பு போகும், ஆனால் வெயில் பக்கமும் முதுகுப் பக்கமும் இன்னும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

நாங்கள் செய்தது, வெயிலை ப்ரோபிலிருந்தே எடுத்துவிட்டது. வானத்து ஒளியும் தரை, சுவர்களில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் மட்டும் ப்ரோபில். இவை இடத்துக்கு இடம் மெதுவாகத்தான் மாறும், 2 மீட்டர் தாங்கும். நேர் வெயிலை ரியல்டைம் விளக்காக வைத்து, நிழலை ஷேடோ மேப்பிடம் விட்டோம். யூனிட்டி எஞ்சினில் சூரியன் `Baked` என்றிருந்தால் நேர் ஒளியும் ப்ரோபுக்குள் போய்விடும். `Mixed` ஆக்கி, லைட்டிங் மோடை `Baked Indirect` என்று வைத்து மறுபடி பேக் செய்ய வேண்டும், அதாவது ப்ரோபின் ஒளியை மறுபடி கணக்கிட்டுச் சேமிக்க வேண்டும். பெரியவர்மேல் பத்துக் கோடுகளும் ஒழுங்காக ஓடின.

மறுபடி பேக் செய்ய மறந்தால் ஒரே வெயில் இரண்டு முறை கூடிவிடும். எங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஆனது, வேட்டி சுண்ணாம்பாய்ப் பளீரென்று எரிந்தது. பழைய பேக் இருக்கும்போதே சூரியனின் செறிவை 0 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் பெரியவரின் ஒரு தோள் மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தால், வெயில் இன்னும் ப்ரோபுக்குள்தான் இருக்கிறது.