மரினா பே இரவுப் படத்தில் வாணவேடிக்கையைச் சேர்த்தல்: ஸ்கிரீன் முறையும் அளவுக் கணக்கும்

நகரத்தின் இரவுப் படம் ஒன்றையும் வாணம் விரியும் படம் ஒன்றையும் லேயர்களாக அடுக்கி, மேலுள்ள லேயரின் கலப்பு முறையை `Screen` என்று மாற்றினால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆயினும் அப்படிச் செய்த படங்களில் பெரும்பாலானவை பார்த்தவுடனே ஒட்டுவேலை என்று தெரிந்துவிடுகின்றன. காரணம் இரண்டுதான்: வாணப் படத்தின் கறுப்பு உண்மையில் கறுப்பாக இல்லை, வாணத்தின் அளவு, அது எங்கிருந்து ஏவப்பட்டதோ அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யும் முறையைச் சிங்கப்பூர் மரினா பே படம் ஒன்றை வைத்து விளக்குகிறேன். மெர்லயன் பூங்காவிலிருந்து விரிகுடாவுக்கு அப்பால் உள்ள மரினா பே சாண்ட்ஸ் விடுதியை நோக்கி எடுக்கப்பட்ட படம் அது; அகலம் 6000 பிக்சல், உயரம் 4000 பிக்சல்.

நான் பயன்படுத்துவது கிம்ப். இலவசம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; இந்த வேலைக்குத் தேவையான அளவுகோல், புள்ளி மதிப்பு காட்டும் பலகை, லெவல்ஸ் ஆகிய மூன்றும் அதில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

படி 1: படங்களைத் தேர்ந்தெடுத்தல்

நகரப் படத்தின் வானம் இருட்டாக இருக்க வேண்டும். ஸ்கிரீன் முறை எந்தப் புள்ளியையும் கருமையாக்காது, வெளிச்சத்தை மட்டுமே கூட்டும். இரு லேயர்களிலும் ஒரே இடத்திலுள்ள புள்ளியின் மதிப்புகள் a, b என்றால் அதன் கணக்கு இதுதான்:

```
255 - (255 - a) × (255 - b) / 255
```

சிவப்பு 230, பச்சை 60, நீலம் 30 என்றிருக்கும் செந்நிறத் தீப்பொறி ஒன்று, மூன்று நிறங்களிலும் 20 மதிப்புள்ள இரவு வானத்தின் மேல் விழுந்தால் 232, 75, 48 ஆகிறது. சிவப்பு சிவப்பாகவே நிற்கும். அதே பொறி, மதிப்பு 150 உள்ள அந்தி வானத்தின் மேல் விழுந்தால் 245, 175, 162 ஆகி, வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே சூரியன் மறைந்த உடனே எடுத்த ஒளிமிக்க படத்தை விட்டுவிட்டு, நன்றாக இருட்டிய பின் எடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

வாணப் படத்தில் வாணம் முழுவதும் சட்டத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். பொறிகள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் எந்த முறையாலும் அதை மறைக்க இயலாது.

படி 2: அடுக்கிக் கறுப்பைச் சரிசெய்தல்

நகரப் படத்தைத் திறந்து, `File > Open as Layers` மூலம் வாணப் படத்தை அதன்மேல் கொண்டுவாருங்கள். லேயர் பட்டியலின் மேலுள்ள `Mode` என்பதில் `Screen` தேர்ந்தெடுங்கள். கறுப்பு மறைந்து பொறிகள் மட்டும் நிற்கும். அல்லது, அப்படி நிற்பதாகத் தோன்றும்.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த படி இதுதான். வாணம் எடுக்கப்பட்ட இடத்திலும் தெருவிளக்கும் புகையும் இருந்திருக்கும் என்பதால் அதன் பின்னணி சுழியமாக இராது. அங்கே 15 என்ற மதிப்பு இருக்கிறது என்றும், உங்கள் நகர வானம் 30 என்றும் கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கின்படி விடை 43. அதாவது வாணப் படத்தின் நாற்கர எல்லைக்குள் வானம் 13 அளவு கூடுதல் வெளிச்சமாகிவிடும். நல்ல வெளிச்சமுள்ள அறையில், சாதாரணத் திரையில் இது கண்ணுக்குப் படாது. இருட்டறையில் கைப்பேசியில் பார்ப்பவருக்கோ வாணத்தைச் சுற்றி ஒரு சாம்பல் கண்ணாடிச் சட்டம் தெளிவாகத் தெரியும்.

வாண லேயரைத் தேர்ந்தெடுத்த நிலையில் `Colors > Levels` திறங்கள். வரைபடத்தின் இடது ஓரத்தில் ஒரு செங்குத்தான குவியல் இருக்கும். பின்னணியின் புள்ளிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. `Input Levels` பகுதியின் இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை அந்தக் குவியலின் வலது அடிவாரம் வரை நகர்த்துங்கள். என் படத்தில் அது 25 அருகே முடிந்தது. அதற்கும் அப்பால் இழுத்தால் பொறிகளின் மங்கிய வால்கள் அறுந்து, வாணம் குச்சிகளால் ஆனதுபோல ஆகிவிடும். பின்னணியில் நீலச் சாயல் இருந்தால் மூன்று நிறங்களுக்கும் பொதுவாக இழுக்காமல், `Channel` என்பதில் நீலத்தை மட்டும் எடுத்துத் தனியே இழுப்பது நல்லது.

சோதிக்கும் வழி: `Layer > New from Visible` மூலம் தற்காலிக லேயர் ஒன்றை உருவாக்கி, அதில் லெவல்ஸின் நடு முக்கோணத்தை இடப்புறம் தள்ளி காமா மதிப்பை 3 வரை உயர்த்துங்கள். ஒளிந்திருக்கும் நாற்கரம் அப்போது வெளிப்பட்டுவிடும். சட்டம் தெரிந்தால் தற்காலிக லேயரை நீக்கிவிட்டுத் திரும்பவும் கறுப்பைச் சரிசெய்ய வேண்டும். லெவல்ஸுக்குப் பிறகும் எஞ்சும் புகையை, லேயர் மாஸ்க் போட்டு, ஓரம் மென்மையான பெரிய தூரிகையால் கறுப்புப் பூசி மறைக்கலாம். வாணத்தை ஒட்டிய புகையைச் சிறிது விட்டுவைப்பதே இயல்பாக இருக்கும்.

படி 3: அளவும் இடமும்

வாணத்தின் அளவும், அது கட்டடத்துக்கு முன்னா பின்னா என்பதும் ஒரே முடிவு. தனித்தனியாக எடுக்கக் கூடாது. கண்ணுக்கு நன்றாக இருக்கும்வரை பெரிதாக்கி, பிறகு கட்டடத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவதுதான் எல்லாரும் செய்வது. அந்த அளவுக்கு வாணம் விரிய வேண்டுமானால் அது கட்டடத்துக்கு முன்னால்தான் வெடித்திருக்க முடியும் என்பதைப் பார்ப்பவரின் கண் உணர்ந்துவிடும், அவரால் காரணம் சொல்ல முடியாவிட்டாலும்.

விடுதியின் மேல்தளம் தரையிலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. `Shift+M` அழுத்தி அளவுகோலை எடுத்து, நீர்மட்டக் கோட்டிலிருந்து மேல்தளம் வரை அளந்தேன்: 1000 பிக்சல். மெர்லயன் பூங்காவிலிருந்து விடுதி ஏறத்தாழ 780 மீட்டர். ஆகவே அந்தத் தொலைவில் ஒரு மீட்டருக்கு 5 பிக்சல். விரிகுடாவில் வாணங்கள் நீரில் நிற்கும் மிதவைகளிலிருந்து ஏவப்படுகின்றன. மிதவையைச் சரிபாதித் தூரத்தில், 390 மீட்டரில் வைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்கு 10 பிக்சல் ஆகிறது.

இனி வாணத்தின் உண்மையான அளவு. ஜப்பானிய அளவுமுறையில் 5-ஆம் எண் குண்டு, அதாவது சுமார் 15 செ.மீ. விட்டமுள்ளது, சுமார் 190 மீட்டர் உயரம் ஏறி 170 மீட்டர் அகலத்துக்கு விரியும். 3-ஆம் எண் குண்டு சுமார் 120 மீட்டர் ஏறி 60 மீட்டர் விரியும். பெரியதை எடுத்துக்கொண்டால்:

```
1000 / 200 = 5
5 × 780 / 390 = 10
170 × 10 = 1700
190 × 10 = 1900
```

விரிந்த வாணத்தின் அகலம் 1700 பிக்சல். அதன் மையம் நீர்மட்டக் கோட்டிலிருந்து 1900 பிக்சல் மேலே. இந்தப் படத்தில் நீர்மட்டக் கோடு கீழிருந்து 1000 பிக்சலில் இருப்பதால் மையம் 2900-இல் அமைகிறது, உச்சி 3750-ஐத் தொடுகிறது. மேலே 250 பிக்சல் இடைவெளி மிஞ்சுகிறது. சட்டத்துக்குள் பொருந்துவதோடு, விடுதியின் உயரத்தைப்போல் 1.7 மடங்கு அகலமாகத் தெரியும் வாணம், முன்னால் இருக்கும் ஒன்று என்பதும் விளங்கும். மிதவை விடுதிக்கு முன்னால் இருப்பதால் மாஸ்க் எதுவும் தேவையில்லை. கீழே சரியும் பொறிகள் கட்டடத்தின் மேல் விழுந்தாலும் அது சரியே.

இதே குண்டை விடுதிக்குப் பின்னால், கேமராவிலிருந்து 1000 மீட்டரில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு மீட்டருக்கு 3.9 பிக்சல்தான். வாணத்தின் அகலம் 663, மையத்தின் உயரம் 741. உச்சியோ ஏறத்தாழ 1070. அதாவது கூரைக்கு மேலே தெரிவது வெறும் 70 பிக்சல். விடுதிக்குப் பின்னாலிருந்து எழுந்து, பெரும்பகுதி கூரைக்கு மேலே தெரியும் வாணம் வேண்டுமென்றால் 30 செ.மீ. குண்டு போன்ற பெரிய ஒன்று வேண்டும். அதற்கு மிகப் பெரிய பாதுகாப்பு இடைவெளியும் வேண்டும். ஆகவே முன்னால் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

`Layer > Scale Layer` மூலம் அளவை மாற்றுங்கள். இங்கே 1700 என்பது பொறிகளின் பரப்புக்குரிய அளவு, லேயருக்குரியது அன்று. மூலப் படத்தில் வாணம் 2400 பிக்சலும் லேயர் 3600 பிக்சலும் இருந்தால், லேயரை 2550 ஆக்க வேண்டும். சிறிதாக்குவதில் தவறில்லை, பெரிதாக்கினால் பொறிக்கோடுகள் கயிறுபோல் தடித்துவிடும். விடுதியின் சன்னல் விளக்குகள் கூர்மையாக நிற்க, அதைவிட அருகிலுள்ள வாணம் மங்கித் தடித்திருந்தால் கணக்கு சரியாக இருந்தும் படம் பொய்யாகிவிடும். மேலேறும் வால் தெரியும் வாணங்கள் பல இருந்தால், அவை அனைத்தும் மிதவை நிற்கும் இடத்துக்கே இறங்கிச் சேர வேண்டும்.

படி 4: நீரில் பிரதிபலிப்பு

வாண லேயரை நகலெடுத்து, தலைகீழாக்கி, நீரில் அப்படியே வைப்பதைத் தவிர்க்க வேண்டும். மையம் நீர்மட்டத்துக்கு 1900 பிக்சல் மேலே இருந்தால் அதன் பிரதிபலிப்பும் 1900 பிக்சல் கீழேதான் விழும். படத்தில் நீர் 1000 பிக்சல்தான். எனவே தெளிவான வட்டம் சட்டத்துக்குள் வரவே வராது. சிற்றலைகள் அந்த ஒளியைச் செங்குத்தாக நீட்டுவதால் நிறப்பட்டை மட்டும் தெரியும். தலைகீழான நகலுக்கு `Filters > Blur > Linear Motion Blur` கொடுத்து, கோணத்தை 90 ஆக்கி, நீளத்தைத் தாராளமாக வைத்து, லேயரின் `Opacity` அளவை 30 விழுக்காட்டுக்குக் குறைத்து, நீர்ப்பகுதிக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். அலை அமைதியாக இருந்தால் சற்றுக் கூட்டலாம்.

பின்சேர்க்கை

கருத்துப் பகுதியில் ஒருவர், `Screen` என்பதற்குப் பதில் `Lighten only` போதாதா என்று கேட்டிருந்தார். பின்னணிக் கறுப்பு 15-ஆகவும் வானம் 30-ஆகவும் இருந்தால் அந்த முறையில் நாற்கரம் தெரியாது என்பது உண்மைதான், ஏனெனில் இரண்டில் பெரியதை மட்டுமே அது எடுக்கிறது. ஆயினும் மங்கிய பொறி வால்கள் வானத்தைவிட இருளாக இருக்கும் இடங்களில் திடீரென அறுந்துபோகும். விளக்கு எரியும் சன்னலைக் கடக்கும் பொறியும் அதனுடன் ஒளி சேராமல் காணாமற்போகும்.

தொலைநோக்கு லென்சில் தூரத்திலிருந்து எடுத்த படத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று மற்றொருவர் கேட்டார். பொருந்தும், விடுதியை அதே படத்தில் அளப்பதால் லென்சும் வெட்டும் அளவும் தாமாகவே கணக்கில் வந்துவிடுகின்றன. மாறுவது தூரங்களின் விகிதம் மட்டும். விடுதியிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி நின்றால் மிதவை உங்களிடமிருந்து 2.6 கிலோமீட்டரில் இருக்கும். விகிதம் 2-இலிருந்து 1.15 ஆகக் குறைந்துவிடும். அந்தப் படத்தில் இதே 15 செ.மீ. குண்டின் விரிவு விடுதியின் உயரத்துக்கு ஏறத்தாழச் சமமாகத்தான் இருக்க வேண்டும்.