கல்ச்சரில் கிருமி இல்லை, கடுப்பு மட்டும் நிற்கவில்லை: அடுத்து என்ன?

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் 38 வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்துக்கும் மேலாக அடிவயிற்றில் வலி. சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலி கூடுகிறது, போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் தணிகிறது. நீர்க்கடுப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. இது கிருமியில்லாத சிறுநீர்ப்பை வலியாக இருக்கலாம். ஆனால் மற்றவற்றை விலக்கிய பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.

படி 1: கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே கொடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, நாள் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். வீட்டில் பிடித்து மலைப் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மணி நேரம் தாண்டினால் வெளிக்கிருமி பெருகி முடிவைக் குழப்பும். லேபிலேயே கொடுப்பது நல்லது.

படி 2: வேறு காரணங்கள். கிருமி வளராமல் சீழ் செல் மட்டும் தெரிந்தால் சிறுநீரகக் காசநோய்க்கான சோதனை கட்டாயம். ரத்தம் கலந்திருந்தால் ஸ்கேனும், சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையும் வேண்டும்.

படி 3: மூன்று நாள் கணக்கு. அளவுக் கோப்பை ஒன்று போதும். சிறுநீர் போன நேரம், அளவு, வலி (பத்துக்கு எவ்வளவு), குடித்தது என்ன என்று எழுதுங்கள். நம் அக்காவுக்கு ஒரு நாளில் 17 தடவை, ஒவ்வொரு தடவையும் 90 மில்லி அளவில். மொத்தம் ஒன்றரை லிட்டர்தான். சர்க்கரை நோயென்றால் மொத்த அளவே எகிறியிருக்கும். இங்கே மொத்தம் சரி, பைதான் கொஞ்சம் நிறைந்ததுமே வலிக்கிறது. டாக்டருக்கு இந்தத் தாள் ரொம்ப உதவும்.

படி 4: டீயை நிறுத்திப் பார்ப்பது. நீலகிரியில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், தெரியும். ஒரே நாளில் விட்டால் தலைவலிக்கும். ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். காபி, எலுமிச்சை, தக்காளி, மிளகாய்க் காரம் ஆகியவற்றையும் சில வாரம் நிறுத்திவிட்டு, மூன்று நாளுக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் வலி ஏறுகிறதோ அதை மட்டும் விடுங்கள். எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. தோட்டத்தில் கழிப்பறை இல்லையென்று தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும்.

படி 5: இடைவெளி. வலி தணிந்த பிறகு, சிறுநீர் போகும் இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக் கூட்டி நீட்டுங்கள். இடுப்படித் தசையை இறுக்கும் கெகல் பயிற்சி வேண்டாம்; ஏற்கெனவே இறுகியிருக்கும் தசைக்கு அது வலியைத்தான் கூட்டும். தளர்த்தும் பிசியோதெரபி வேறு, அது உதவும். அடிவயிற்றில் வெந்நீர்ப் பையும் வைக்கலாம்.

இதற்கும் அடங்காவிட்டால், டாக்டர் இரவில் அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கலாம். தூக்கமும் வாய் வறட்சியும் வரும். கேமரா சோதனையில் சிறுநீர்ப்பைச் சுவரில் ஹன்னர் புண் என்ற அழற்சிப் புண் தெரிந்தால் அதைச் சுட்டுவிடுவார்கள். பலருக்கு வலி நன்றாகவே குறையும். புண் திரும்ப வந்தால் மறுபடியும் சுட வேண்டியிருக்கும்.