பதினோராயிரம் பேர் எங்கே? விவசாய ஆலோசனைச் செயலிக்கு முதலீடு கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் திருச்சியில் ஒரு கல்லூரியில், முதலீட்டாளர் முன் பேசிப் பழகும் நிகழ்ச்சிக்குக் கேட்பவனாகப் போயிருந்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம். அதில் மூன்று குழுக்கள் விவசாய ஆலோசனைச் செயலியோடு வந்திருந்தன. மூன்றுமே, ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கூட்டாளியும் இதே மாதிரி ஒரு செயலிக்கு முதலீடு கேட்டபோது செய்த தவறுகளை, நான் செய்த அதே வரிசையில் செய்தன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. பாதி எரிச்சல் என்மேல்தான்.

ஸ்லைடில் எழுத்து பொடியாக இருப்பது, நேரம் மீறுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாராவது முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஐந்து, பத்து லட்சம் போடக்கூடிய சிறு முதலீட்டாளரிடம் பேசும்போது யாரும் சொல்லாமல் விடுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பயனாளர் "தமிழக விவசாயி" என்பது

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 79 லட்சம் நிலக் கைப்பற்றுகள், அதாவது தனித்தனியாகச் சாகுபடி செய்யப்படும் நிலங்கள், இருக்கின்றன. சராசரி அளவு 0.75 ஹெக்டேர். மூன்று குழுக்களில் இரண்டு இந்த எண்ணைத் தங்கள் சந்தை என்று காட்டின. ஆனால் மேட்டூர் தண்ணீரை நம்பிக் குறுவை நடுகிறவருக்கும், பெரம்பலூரில் மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவருக்கும் பொதுவான ஆலோசனை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பயிர், ஒரு வட்டாரம், ஒரு பட்டம் என்று சொல்லுங்கள். "வேப்பந்தட்டைப் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரி மக்காச்சோளம் விதைப்பவர்கள்" என்றால் கேட்பவர் மனதில் ஆள் தெரிவார்.

இன்னொன்று. செயலி யாருடைய கைபேசியில் இருக்கிறது? எங்கள் பதிவுகளில் நிறைய எண்கள் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் மகனுடையவை. காட்டில் பயிரைப் பார்ப்பது அம்மா. செய்தி மகனுக்குப் போய், அவர் இரவு வீட்டுக்கு அழைக்கும்போது நினைவிருந்தால் அம்மாவுக்குப் போகும். இதை நாங்களாகச் சொல்லாமல் விட்டோம், முதலீட்டாளர் கண்டுபிடித்தார். நீங்களே சொல்லிவிட்டால் அது கள அறிவு. அவர் கண்டுபிடித்தால் நீங்கள் மறைத்தது.

தேவை: "விவசாயிக்குத் தகவல் கிடைப்பதில்லை" என்பது

கிடைக்கிறது. உரக்கடைக்காரர் சொல்கிறார். அதுவும் இலவசமாக, மருந்தைக் கடனுக்குக் கொடுத்துக்கொண்டே சொல்கிறார். உங்கள் உண்மையான போட்டி அவர்தான்.

ஆகவே எந்த இடத்தில் அவரால் முடியாது என்று காட்ட வேண்டும். மக்காச்சோளத்தில் 2018 முதல் படைப்புழு பெரிய தொல்லை. விதைத்த முதல் சில வாரங்களில், புழு சிறியதாக இலையைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால் மருந்து வேலை செய்யும். வளர்ந்து குருத்துக்குள் இறங்கிவிட்டால் அதன் எச்சமே குருத்தை அடைத்துக்கொள்ளும். மேலே தெளிப்பது உள்ளே போய்ச் சேராது. கடைக்காரரிடம் விவசாயி போவது குருத்தில் ஓட்டை விழுந்த இலையைக் கையில் எடுத்துக்கொண்டுதான். அதற்குள் நாள் தவறியிருக்கும். மருந்தின் பெயர் தெரியாமல் அவர் நஷ்டப்படவில்லை. எந்த நாளில் குருத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை. விதைத்த தேதி தெரிந்தால் செயலியால் அதைச் செய்ய முடியும். தேவை என்று நாங்கள் பின்னாளில் சொன்னது இவ்வளவுதான்.

உழவன் செயலியைப் பற்றிப் பேசாமல் இருப்பது

கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். அரசு இலவசமாகக் கொடுக்கும் அந்தச் செயலியையும், 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டரையும் நீங்களே பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பதிவிறக்க எண்ணை வளர்ச்சி என்று காட்டுவது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திருச்சியில் ஒரு மாணவர் ஸ்லைடு முழுவதும் "10,000+" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கைதட்டலுக்காக இரண்டு நொடி நிறுத்தினார். ப்ளே ஸ்டோர் வெளியே காட்டும் அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஏற்றிவிட்டு அன்றைக்கே நீக்கியவரும் அதில் இருக்கிறார்.

எங்கள் ஸ்லைடில் இருந்த எண் 11,400. ஈரோட்டில் நெடுங்காலம் மஞ்சள் வியாபாரம் செய்த ஒரு பெரியவர் முன் பேசினோம். பேச்சு முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். "பட்டியலை எடுங்கள். நான் சொல்கிற வரிசை எண்ணுக்கு உங்கள் போனிலிருந்தே கூப்பிடுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். பத்துப் பேரைக் கூப்பிட்டோம். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. மூன்று பேர் எடுக்கவில்லை. ஒருவர் வேளாண் கல்லூரி மாணவர். இருவர் "எந்தச் செயலி?" என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும் எங்களைப் பயன்படுத்தியிருந்தார், அதுவும் ஒரு முறை. கடைசியாகப் பேசியவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: "முகாமில் இதை ஏற்றினால்தான் சாப்பாட்டு டோக்கன் என்றார்கள், சார்."

அந்த முகாம்களை நடத்தியது நாங்கள்தான். எட்டு மாதம், ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய், எல்லாம் அந்த 11,400-ஐ உருவாக்கத்தான் போயிருந்தது. முதலீட்டாளருக்குக் காட்டுவதற்காக வளர்த்த எண்ணை நாங்களே நம்பத் தொடங்கியிருந்தோம். பெரியவர் கோபப்படவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "போன வருஷம் மஞ்சள் கொண்டுவந்தவன் இந்த வருஷமும் என் கடைக்கே வந்தானா என்று மட்டும்தான் நான் பார்ப்பேன். உங்களுக்கும் அந்தக் கணக்கு இருந்தால் வாருங்கள்" என்றார்.

அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை. மாதந்தோறும் எத்தனை பேர் செயலியைத் திறந்தார்கள் என்ற கணக்கு இருந்தது. விவசாயத்தில் அது ஏமாற்றும். அறுவடை முடிந்த மாசியில் மக்காச்சோளக்காரர் எதற்காகச் செயலியைத் திறக்க வேண்டும்? வரைபடம் பாதாளத்துக்கு இறங்கும், நீங்கள் பயப்படுவீர்கள். புரட்டாசியில் தானாக ஏறும், நீங்கள் பெருமைப்படுவீர்கள். இரண்டுமே உங்கள் வேலையால் நடந்தவை அல்ல. இந்தத் துறையில் எண்ண வேண்டியது பட்டத்துக்குப் பட்டம்: போன புரட்டாசியில் இருந்தவர் இந்தப் புரட்டாசியில் வந்தாரா? குறுவைக்கு வந்தவரைத் தாளடியில் தேடினாலும் தப்பு. அதே பயிர், அதே பட்டம்.

யாரைப் பயனாளர் என்று எண்ணுவது என்பதையும் மாற்றினோம். பதிவு செய்தவரை விட்டுவிட்டு, விதைத்த தேதியைத் தானாகக் கொடுத்து, பயிர்க் காலத்தில் குறைந்தது இரண்டு நினைவூட்டலுக்காவது பதில் சொன்னவரை மட்டும் எண்ணினோம். 11,400 அப்போது 214 ஆனது. அன்றிரவு நானும் கூட்டாளியும் சாப்பிடவில்லை.

அடுத்த புரட்டாசியில் நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை, முகாமும் போடவில்லை. 214 பேரில் 131 பேர் தாமாகவே விதைத்த தேதியைக் கொடுத்தார்கள். மீதி 83 பேரையும் அழைத்தோம். 60 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 22 பேர் அந்த ஆண்டு பருத்திக்கோ சின்ன வெங்காயத்துக்கோ மாறியிருந்தார்கள். 9 பேர் நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தார்கள். மீதி 29 பேர் எங்களை விட்டுப் போனவர்கள். ஏன் என்று கேட்டு எழுதி வைத்தோம். பெரும்பாலோர் சொன்ன காரணம், கேள்விக்குப் பதில் வர இரண்டு நாளாகிறது என்பது. திரும்பி வந்த 131 பேரிடம் ஒரு பட்டத்துக்கு 120 ரூபாய் கேட்டோம். 38 பேர் கொடுத்தார்கள்.

இரண்டாம் முறை அதே பெரியவரிடம் நாங்கள் பேசியது கிட்டத்தட்ட இதுதான்:

"பெரம்பலூர் வட்டாரத்தில் மானாவாரி மக்காச்சோளம் விதைப்பவர்களுக்காக இந்தச் செயலி. படைப்புழுவைப் பார்க்க வேண்டிய நாள் தவறுவதால் அவர்கள் பலன் தராத தெளிப்புக்கு மருந்தும் கூலியும் செலவழிக்கிறார்கள். விதைத்த தேதியைக் கொடுத்தால் எந்த நாளில் குருத்தைப் பார்க்க வேண்டும் என்று குரல் செய்தி அனுப்புகிறோம்; இலையைப் படம் எடுத்து அனுப்பினால் பதில் சொல்கிறோம். முந்தின வருஷப் பட்டத்தில் 214 பேர் பயன்படுத்தினார்கள், போன பட்டத்தில் அவர்களில் 131 பேர் நாங்கள் கூப்பிடாமலே வந்தார்கள், 38 பேர் பணம் கட்டினார்கள். விட்டுப் போனவர்கள் சொன்ன காரணம் தாமதம். இரண்டு வேளாண் பட்டதாரிகளை வேலைக்கு வைத்து, பதிலை அன்றைக்கே கொடுக்கப் பணம் கேட்கிறோம்."

ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. மீதி நேரமெல்லாம் அவர் கேள்வி கேட்டார். 38 பேரைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் கேட்டார்: எத்தனை ஏக்கர் வைத்திருப்பவர்கள், பணத்தைக் கையில் கொடுத்தார்களா, கொடுக்காதவர் என்ன சொன்னார் என்று. 11,400 என்ற எண்ணை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

ஒரு பட்டம்கூட முடியாதவர்கள் என்ன செய்வது என்று திருச்சியில் ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி. ஒரே பட்டத்துக்குள் பாருங்கள்: முதல் நினைவூட்டலுக்குப் பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் கதிர் பிடிக்கும் வரை கூட இருந்தார்கள் என்று எண்ணலாம். அது பட்டம் திரும்பிய கணக்குக்கு ஈடாகாது. அதையும் நீங்களே முதலீட்டாளரிடம் சொல்லிவிடுங்கள்.

"எங்கள் செயலியால் மகசூல் கூடியது"

மழையால் கூடியிருக்கும். பக்கத்துக் காட்டில், செயலி இல்லாதவருக்கு எவ்வளவு விளைந்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

முதல் ஸ்லைடில் ஏர் பிடித்த பெரியவர் படம்

வேண்டாம்.

பணம் எப்போது வேண்டும் என்று சொல்லாதது

எவ்வளவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த மாதத்துக்குள் என்று யாரும் சொல்வதில்லை. புரட்டாசி விதைப்புக்கு ஆள் வைத்துப் பழக்க வேண்டுமானால் ஆடிக்குள் பணம் கையில் இருக்க வேண்டும். அதற்கு வைகாசியிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். காகித வேலை எப்போதும் நினைப்பதைவிட நீளும்.

நாங்கள் ஆவணியில் போய்க் கேட்டோம். பெரியவர் சம்மதித்தார், ஐந்து லட்சம், இரண்டு தவணை. முதல் தவணை கணக்கில் ஏறியது கார்த்திகையில். அப்போது வேப்பந்தட்டையில் மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்தது.