தைராய்டு மாத்திரையும் கேஸ் மாத்திரையும்: டோஸை ஏற்றும் முன் கவனிக்க வேண்டியவை

நம்மூரில் பல வீடுகளில் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரைகள் ஒன்றாக உள்ளே போகின்றன. ஒன்று தைராய்டுக்கான லெவோதைராக்சின். இன்னொன்று பான்டோபிரசோல், ரேபிபிரசோல், ஒமேபிரசோல் என்று ஏதோ ஒரு கேஸ் மாத்திரை. இரண்டு சீட்டிலும் ‘காலை, உணவுக்கு முன்’ என்றே எழுதியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சில மாதங்கள் கழித்து, தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் உயரும் டி.எஸ்.ஹெச். அளவு ஏறி நிற்கும்போது, ‘மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஒழுங்காகத்தான் போட்டிருப்பார்கள். மாத்திரைதான் உடம்பில் முழுதாகச் சேர்ந்திருக்காது.

லெவோதைராக்சின் மாத்திரை முதலில் இரைப்பையின் அமிலத்தில் கரைய வேண்டும், பிறகு சிறுகுடலின் மேல், நடுப் பகுதிகளில் உறிஞ்சப்பட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலே விழுங்கியதில் 60 முதல் 80 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போகும். அமிலம் குறைந்தால் கரைவது குறைகிறது. குடல் சுவர் பழுதானாலோ, குடலின் ஒரு பகுதியே இல்லாமல் போனாலோ உறிஞ்சுவது குறைகிறது. டோஸை அளந்து கொடுக்கும் மருந்து இது, 12.5 மைக்ரோகிராம் வித்தியாசம்கூட ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

கேஸ் மாத்திரை விஷயத்தில் அதிகம் பார்க்கும் தவறு, ‘இடைவெளி விட்டுப் போட்டால் போதும்’ என்று நம்புவது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும், சாப்பிட்டதும் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் திரவத்துக்கும் அது சரி. அவை குடலுக்குள் லெவோதைராக்சினைப் பிடித்துக்கொள்கின்றன, 4 மணி நேரம் தள்ளிப் போட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். பான்டோபிரசோல் வகை அப்படி வேலை செய்வதில்லை. அது அமிலம் சுரக்கும் பம்பையே அடைத்துவிடுவதால் நாள் முழுவதும் அமிலம் குறைவாகவே இருக்கும். காலையில் தைராய்டு மாத்திரை, இரவில் கேஸ் மாத்திரை என்று மாற்றினாலும் இரைப்பையின் நிலை பெரிதாக மாறாது. ஆகவே நேரத்தை மாற்றிப் பார்த்து மாதங்களை வீணாக்க வேண்டாம், டி.எஸ்.ஹெச். பார்த்து முடிவெடுப்பதே வழி.

ஓர் எடுத்துக்காட்டு. 58 வயதுப் பெண், எடை 62 கிலோ. பல வருடங்களாக 75 மைக்ரோகிராம், டி.எஸ்.ஹெச். 2.8. மூட்டு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது வயிற்றைக் காக்க பான்டோபிரசோல் 40 மில்லிகிராமும் சேர்ந்தது. நான்கு மாதத்தில் அசதி, மலச்சிக்கல், டி.எஸ்.ஹெச். 9.6. உடனே 100 மைக்ரோகிராமுக்கு ஏற்றுவது எளிது. அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த கேஸ் மாத்திரை இன்னும் தேவையா? வலி மாத்திரையை அவர் நிறுத்தி இரண்டு மாதமாகிறது, கேஸ் மாத்திரை மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், மருத்துவரிடம் கேட்டு அதை விடுவதே சிகிச்சை. தைராய்டு டோஸ் 75-லேயே இருக்கட்டும், 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.ஹெச். பார்க்கலாம். லெவோதைராக்சினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் ஒரு வாரம் என்பதால் அதற்கு முன் பார்க்கும் அளவு உண்மை நிலையைக் காட்டாது. இரண்டாவது வாரமே டெஸ்ட் எடுத்து, ‘இன்னும் குறையலையே’ என்று டோஸை மாற்றுவதும் அடிக்கடி நடக்கும் தவறுதான்.

அதே பெண் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர், முன்பு அல்சரில் ரத்தம் கசிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கேஸ் மாத்திரையை நிறுத்தவே கூடாது. லெவோதைராக்சினை 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் கூட்டி, 6 முதல் 8 வாரத்தில் பார்க்க வேண்டும். வயதானவர், இதயக் கோளாறு உள்ளவர் என்றால் சிறிய படியே நல்லது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது, அவர்களுக்குப் பரிசோதனை இன்னும் நெருக்கமாக நடக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இதற்குப் பிறகு நடப்பது. ஒரு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் கேஸ் மாத்திரையை நிறுத்துவார், ஏற்றிய தைராய்டு டோஸ் அப்படியே இருக்கும். அமிலம் திரும்பியதும் 100 மைக்ரோகிராமும் முழுதாக உள்ளே போகும். டி.எஸ்.ஹெச். 0.1-க்கு இறங்கும், படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானமும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதும் இதில் உள்ள உண்மையான ஆபத்து. கேஸ் மாத்திரையைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். ‘கேஸ் மாத்திரை எடுப்பதால் டோஸ் கூட்டப்பட்டது’ என்று காரணத்தையும் தேதியோடு சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கேஸ் மாத்திரையும் இல்லை, கால்சியமும் இல்லை, ஆனாலும் டோஸ் ஏறிக்கொண்டே போகிறது என்றால்? தைராய்டு முழுதாகச் செயலிழந்தவருக்கும் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம்தான் தேவை, 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 100. அவருக்கு 150 கொடுத்தும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லை என்றால் 175-க்குப் போகும் முன் குடலைப் பார்க்க வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் சுவர் பழுதாகும் சீலியாக் நோய், தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயோடு சேர்ந்து வரக்கூடியது. வயிற்றுப்போக்கு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை மட்டுமே தடயமாக இருக்கலாம்.

இதில் செய்யக்கூடாதது, சந்தேகம் வந்ததும் சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போவது. சீலியாக் நோய்க்கான டிடிஜி ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனையும் குடல் சதைப் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் நோயைக் காட்டும். நோய் உறுதியானபின் விலக்குவதில் அரைகுறை கூடாது. நம் சமையலில் ரவை, சேமியா, பரோட்டா கண்ணுக்குத் தெரியும், பெருங்காயம் தெரியாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சரியாக விலக்கினால் குடல் சுவர் மாதக்கணக்கில் மெதுவாக ஆறும், அதற்கேற்ப லெவோதைராக்சின் தேவையும் குறையும். அந்தக் காலத்தில் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச். பார்த்து டோஸை இறக்கிக்கொண்டே வர வேண்டும்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் இன்னொரு சிக்கல். உறிஞ்சும் இடம் குறைகிறது, எனவே டோஸ் கூட வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் எடை வேகமாக இறங்குவதால் உடம்புக்குத் தேவையான அளவும் குறைகிறது. இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கும். பலருக்கு முடிவில் டோஸ் குறையவே செய்கிறது, சிலருக்குக் கூடுகிறது. ஊகத்தில் மாற்றாமல், எடை நிலைக்கும் வரை டி.எஸ்.ஹெச். பார்த்தே மாற்ற வேண்டும். இவர்களுக்குக் கால்சியமும் இரும்பும் தினமும் உண்டு என்பதால் 4 மணி நேர இடைவெளி இங்கே மிக முக்கியம். நோய்க்காகச் சிறுகுடலின் நீண்ட பகுதியை வெட்டி எடுத்தவர்கள் நிலை வேறு. அவர்களுக்கு எடை குறைவதால் கிடைக்கும் ஈடு போதாமல் டோஸ் கணிசமாகவே ஏறலாம்.

எல்லாம் பார்த்தும் விடை கிடைக்காவிட்டால் ஹார்மோன் நிபுணர் ஓர் உறிஞ்சல் சோதனை செய்வார். மருத்துவமனையில், கண்காணிப்பில், வெறும் வயிற்றில் 1000 மைக்ரோகிராம் வரை ஒரே வேளையாகக் கொடுத்து, சில மணி நேரம் ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். வீட்டில் யாரும் இதைச் செய்யக் கூடாது, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவமனையிலும் யோசித்தே செய்வார்கள். டி4 நன்றாக ஏறினால் குடல் சரியாக இருக்கிறது, வீட்டில் மாத்திரை விட்டுப்போகிறதா, காபியோடு போகிறதா என்று கோபப்படாமல் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் குடலில் தேடல் தொடரும். மாத்திரைக்குப் பதில் திரவ லெவோதைராக்சின் கிடைக்கும் இடங்களில் அதற்கு மாற்றிப் பார்ப்பதும் உண்டு, ஏற்கெனவே கரைந்திருப்பதால் அதற்கு இரைப்பை அமிலம் அவ்வளவாகத் தேவைப்படாது.