பிவட் டேபிளில் நான்கு எண்கள்: உங்கள் கேள்விக்கு எது விடை?

எக்செலில் தரவை எண்ணித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில், ஒரே கட்டத்தில் 120, 40%, 85.71%, 30% என நான்கு எண்கள் வரலாம். நான்கும் சரியான கணக்காகவே இருக்கலாம். பிவட் டேபிளின் திரைப்பிடிப்பை ஒருவர் அனுப்பி, "இணைய வகுப்பில் இடைநிற்றல் 86 சதவீதம்" என்று எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கணக்குப் பிழையே இல்லாத அறிக்கை தவறான முடிவைச் சொல்லிவிடுகிறது. இப்படி வந்த திரைப்பிடிப்புகளைப் பலமுறை பிரித்துப் பார்க்க வேண்டியிருந்ததால் இந்தப் பதிவு.

பயிற்சிக்காக நான் உருவாக்கிய தரவு இது. ஒரு பாடத்தில் 400 பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு மாணவர். பதிவு எண், வகுப்பு, முடிவு என்று மூன்று நெடுவரிசைகள்.

பிவட் டேபிளை அமைத்தல்

எக்செலில் தரவுக்குள் எங்காவது சொடுக்கிவிட்டு Insert > PivotTable போங்கள். "வகுப்பு" என்பதை Rows பகுதிக்கும், "முடிவு" என்பதை Columns பகுதிக்கும், "பதிவு எண்" என்பதை Values பகுதிக்கும் இழுத்து விடுங்கள். பதிவு எண் வெறும் எண்ணாக இருந்தால் எக்செல் அவற்றைக் கூட்டிவிடும். கட்டங்களில் சம்பந்தமில்லாத பெரிய தொகைகள் தெரியும். ஒரு கட்டத்தில் வலது சொடுக்கி Summarize Values By > Count என்று மாற்றுங்கள். இப்போது கிடைப்பது:

| | இடைநின்றார் | முடித்தார் | மொத்தம் |
|---|---|---|---|
| இணையம் | 120 | 180 | 300 |
| நேரடி | 20 | 80 | 100 |
| மொத்தம் | 140 | 260 | 400 |

இந்த டேபிள் முழுவதையும் நகலெடுத்துக் கீழே மூன்று முறை ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் வலது சொடுக்கி Show Values As சென்று, முறையே % of Row Total, % of Column Total, % of Grand Total என்று தேர்ந்தெடுங்கள். ஒரே டேபிளின் Values பகுதியில் பதிவு எண்ணை நான்கு முறை போட்டும் இதைச் செய்யலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் நான்கு வகை எண்கள் நிற்கும்போது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே மறந்துவிடுகிறது. நகலெடுத்த டேபிள்கள் ஒரே தரவைப் பகிர்வதால், ஒன்றைப் புதுப்பித்தால் எல்லாமே புதுப்பிக்கப்படும்.

100% எங்கே நிற்கிறது?

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். திரைப்பிடிப்பில் எந்தச் சதவீதம் என்று எழுதியிருக்காது. எக்செல் எல்லாவற்றுக்கும் "Count of பதிவு எண்" என்றே தலைப்புப் போடும். ஆகவே கட்டங்களைப் படிக்கும் முன் மொத்தங்களைப் பாருங்கள். வலது ஓர மொத்த நெடுவரிசை முழுக்க 100.00% என்றால் அது வரிசைச் சதவீதம். அடி வரிசை முழுக்க 100.00% என்றால் நெடுவரிசைச் சதவீதம். கீழ் வலது மூலையில் மட்டும் 100.00% இருந்தால் ஒட்டுமொத்தச் சதவீதம். மொத்தங்களை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால் நீங்களே குறுக்கே கூட்டிப் பாருங்கள், பிறகு கீழ்நோக்கிக் கூட்டிப் பாருங்கள். எந்தத் திசையில் 100 வருகிறதோ அதுதான். இரண்டிலும் வராமல் எல்லாக் கட்டங்களும் சேர்ந்துதான் 100 என்றால் ஒட்டுமொத்தச் சதவீதம்.

100% என்பது வகுக்கும் எண் எது என்பதைக் காட்டுகிறது. மேலே காட்டிய எண்ணிக்கை டேபிளின் நான்கு வரிசைகளை மட்டும் வேறு தாளில் A1 கட்டத்திலிருந்து வெறும் மதிப்புகளாக ஒட்டி, இந்த மூன்று வாய்பாடுகளையும் போட்டுப் பாருங்கள்:

```
=B2/$D2
=B2/B$4
=B2/$D$4
```

முதலாவது 120 ÷ 300 = 40%. இரண்டாவது 120 ÷ 140 = 85.71%. மூன்றாவது 120 ÷ 400 = 30%. மேலே இருக்கும் 120 மாறவே இல்லை. கீழே நிற்கும் கூட்டம்தான் மாறுகிறது. இதை ஒருமுறை கையால் செய்து பார்ப்பது Show Values As பட்டியலை எத்தனை முறை புரட்டுவதைவிடவும் தெளிவு தரும் என்பது என் உறுதியான கருத்து.

எந்தக் கேள்விக்கு எது?

கேள்வியைத் தமிழில் முழு வாக்கியமாக எழுதுங்கள். "-களில்" என்று முடியும் சொல் எதுவோ, அதுதான் வகுக்கும் எண்.

"இணைய வகுப்பில் *சேர்ந்தவர்களில்* எத்தனை சதவீதம் பேர் இடைநின்றார்கள்?" இதற்கு வரிசைச் சதவீதம்: 40%. நேரடி வகுப்பில் அது 20%. எந்த வகுப்பில் மாணவர் தங்குகிறார்கள் என்று ஒப்பிட வேண்டுமானால் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

"*இடைநின்றவர்களில்* எத்தனை சதவீதம் பேர் இணைய வகுப்பினர்?" இது நெடுவரிசைச் சதவீதம்: 85.71%. இடைநின்றவர்களை மீண்டும் அழைக்க ஆள் ஒதுக்கும்போது இது பயன்படும். ஆனால் இதை வைத்து வகுப்புகளை ஒப்பிட்டால் வினோதம் நேரும். இடைநின்றவர்களில் 85.71% இணைய வகுப்பினர், முடித்தவர்களிலும் 69.23% இணைய வகுப்பினரே. அப்படியானால் இணைய வகுப்பு மோசமானதா, சிறந்ததா? இந்த இரண்டு எண்களும் அதைச் சொல்லாது. மொத்தத்தில் 75% பேர் அங்கே சேர்ந்திருப்பதால் இரண்டு பட்டியலிலும் அவர்களே அதிகம் இருக்கிறார்கள். 85.71 என்ற எண்ணுக்குப் பொருள் வருவது அந்த 75-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான்.

"இந்தப் பாடத்தில் *சேர்ந்தவர்களில்* எத்தனை சதவீதம் இணைய வகுப்பில் சேர்ந்து இடைநின்றவர்கள்?" ஒட்டுமொத்தச் சதவீதம்: 30%. எத்தனை பேருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று கேட்டால் சதவீதமே தேவையில்லை, விடை 120.

ஒன்றைக் கவனியுங்கள்: Rows, Columns இரண்டையும் இடம் மாற்றினால் வரிசைச் சதவீதமும் நெடுவரிசைச் சதவீதமும் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே "ஒப்பிட வரிசைச் சதவீதம்" என்று மனப்பாடம் செய்யாதீர்கள். ஒப்பிட வேண்டிய குழுக்களை எப்போதும் Rows பகுதியில் வைப்பது என் வழக்கம்.

கூகுள் ஷீட்ஸில் இதே வசதி Values பகுதியில் Show as என்ற பட்டியலில் இருக்கிறது. முதன்முதலாகக் கற்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். மெனுக்களைத் தோண்ட வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: (blank) என்ற நெடுவரிசை

பின்னூட்டத்தில் ஒருவர், தன் தரவில் இதே வரிசைச் சதவீதம் 40-க்குப் பதில் 33.33 என்று வருகிறதே என்று கேட்டிருந்தார். அவர் பட்டியலில் இணைய வகுப்பில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் 60 பேர் கூடுதலாக இருந்தார்கள். அவர்களுக்கு "முடிவு" காலியாக இருந்தது. பதிவு எண்ணை எண்ணும்போது அவர்களும் (blank) என்ற நெடுவரிசையில் சேர்ந்து, வகுக்கும் எண் 360 ஆகிவிடுகிறது. 120 ÷ 360 = 33.33%.

Values பகுதியில் பதிவு எண்ணுக்குப் பதில் "முடிவு" என்பதையே போட்டிருந்தால், Count காலிக் கட்டங்களை எண்ணாது. சத்தமில்லாமல் 40% வந்திருக்கும். வடிகட்டியில் (blank) என்பதை நீக்கினாலும் அப்படித்தான்: மறைத்தவர்கள் வகுக்கும் எண்ணிலிருந்தும் வெளியேறுவார்கள். இது எந்த வடிகட்டிக்கும் பொருந்தும்.

எது சரி? முடிவு தெரிந்தவர்களைப் பற்றிக் கேட்டால் 40. இதுவரை சேர்ந்த எல்லாரையும் பற்றிக் கேட்டால் 33.33. திரைப்பிடிப்பை அனுப்பும் முன் "Count of பதிவு எண்" என்ற தலைப்பின் மேல் சொடுக்கி, "வகுப்பில் முடிவு தெரிந்தவர்களில் %" என்பதுபோல மாற்றி எழுதிவிடுங்கள். நெடுவரிசைப் பெயரையே அப்படியே தட்டச்சு செய்தால் எக்செல் ஏற்காது. ஓர் எழுத்தாவது வேறாக இருக்க வேண்டும்.